‘செல்லாது’ என்றார்களா, ‘திரும்பப் பெறுகிறோம்’ என்றார்களா? போஸ்ட்டில் வரும் ஒற்றை வரியைச் சோதிப்பது எப்படி

2023 மே 19, வெள்ளிக்கிழமை மாலை ரிசர்வ் வங்கி ஒரு செய்திக்குறிப்பை வெளியிட்டது. அதன் தலைப்பிலேயே இரண்டு தகவல்கள் இருந்தன. ஒன்று, 2000 ரூபாய் நோட்டுகள் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்படுகின்றன. இரண்டு, அவை தொடர்ந்து சட்டப்படி செல்லும். இந்தக் குறிப்பை ஒரு போஸ்ட்டுக்காக ஒற்றை வரியாகச் சுருக்கச் சொன்னால், மூன்று பேர் மூன்று விதமாகச் சுருக்குவார்கள்:

அ) “2000 ரூபாய் நோட்டு இனி செல்லாது! ரிசர்வ் வங்கி அதிரடி”

ஆ) “கையில் 2000 ரூபாய் நோட்டு இருக்கிறதா? செப்டம்பர் 30-க்குள் இதைச் செய்யாவிட்டால்...”

இ) “2000 ரூபாய் நோட்டுகளைத் திரும்பப் பெறுகிறது ரிசர்வ் வங்கி. நோட்டு செல்லும், செப்டம்பர் 30 வரை வங்கிகளில் மாற்றலாம்”

மூன்றுமே ஒரே செய்தியைக் காட்டும் வரிகள்தான். முதலாவது பொய், இரண்டாவது லிங்க்கைத் திறக்க வைப்பதற்கான தூண்டில், மூன்றாவது நேர்மையான சுருக்கம். இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க ஊடக அனுபவமெல்லாம் தேவையில்லை. ஆனால் எதை எந்த வரிசையில் பார்ப்பது என்பதில் ஒரு முறை இருக்கிறது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை ஒதுக்கிவிடலாம். ஆச்சரியக்குறி, ‘அதிரடி’, ‘பகீர்’ போன்ற சொற்கள் இருந்தாலே தூண்டில் என்று முடிவு கட்டக் கூடாது. தமிழ்ச் செய்தி மேசைகளில் ‘அதிரடி’ என்பது கிட்டத்தட்ட நிறுத்தற்குறி மாதிரி ஆகிவிட்டது. அதை எடுத்துவிட்டாலும் பல வரிகளுக்கு ஒன்றும் ஆகாது. “2000 ரூபாய் நோட்டுக்கு விடைகொடுக்கிறது ரிசர்வ் வங்கி! செப்டம்பர் 30 வரை மாற்றலாம்” என்ற வரியில் நாடகம் இருக்கிறது, ஏமாற்று இல்லை. எனவே சத்தத்தைச் சோதிக்க வேண்டாம், தகவலைச் சோதியுங்கள்.

படி 1: திறப்பதற்கு முன் ஓட்டையையும் ஊதலையும் தனித்தனியாகப் பாருங்கள்

ஃபேஸ்புக் நிறுவனம் 2016 ஆகஸ்டில் தூண்டில் தலைப்புகளின் பரவலைக் குறைக்கப் போவதாக அறிவித்தபோது இரண்டு கேள்விகளை அளவுகோலாக வைத்தது. செய்தியைப் புரிந்துகொள்ளத் தேவையான தகவலைத் தலைப்பு மறைக்கிறதா? உள்ளே இருப்பதைவிட மிகைப்படுத்தித் தப்பான எதிர்பார்ப்பை உண்டாக்குகிறதா? அடுத்த ஆண்டு இவ்விரண்டையும் தனித்தனிக் குற்றங்களாகப் பிரித்தே கணக்கிடத் தொடங்கியது. அந்தப் பிரிவினை நமக்கும் உதவும். ஏனென்றால் மறைக்கும் வரியைத் திறக்காமலேயே பிடித்துவிடலாம். ஊதிப் பெருக்கிய வரியை உள்ளே போய்ப் படித்தால்தான் பிடிக்க முடியும்.

மறைக்கும் வரியைப் பிடிக்க, யார், என்ன, யாருக்கு, எப்போது என்ற நான்கையும் அந்த வரியில் தேடுங்கள். விடை வர வேண்டிய இடத்தில் ஒரு சுட்டுச்சொல் உட்கார்ந்திருந்தால் அதுதான் ஓட்டை. “இதைச் செய்யாவிட்டால்”, “அந்த ஒரு காரணம்”, “இவர்தானா அது?”, “அடுத்து நடந்ததுதான்...” எல்லாம் இந்த வகை. மேலே (ஆ) வரியில் தேதி இருக்கிறது, நோட்டு இருக்கிறது. செய்ய வேண்டிய காரியத்தின் இடத்தில் மட்டும் ‘இதை’ இருக்கிறது. ‘வங்கியில் மாற்றாவிட்டால்’ என்று எழுத கூடுதலாக ஒரு சொல்தான் ஆகும். இடமில்லாததால் விடுபட்ட தகவல் அல்ல அது. வேண்டுமென்றே பிடுங்கி வைத்தது. கடைசியில் உள்ள மூன்று புள்ளியும் அதே வேலையைத்தான் செய்கிறது: “செய்யாவிட்டால் என்ன ஆகும்?” என்ற பயத்தை வாசகரிடமே விட்டுவிடுகிறது. அந்தக் குறிப்பின்படி, செப்டம்பர் 30-க்குப் பிறகும் நோட்டு செல்லாமல் போகும் என்று எங்குமே சொல்லப்படவில்லை.

படி 2: வாக்கியத்தின் வாலைப் பாருங்கள்

தமிழில் ஒரு தகவல் எவ்வளவு உறுதியானது என்பது சொல்லின் கடைசி அசையில் இருக்கிறது. தூண்டில் எழுதுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். “நாளை பள்ளிகளுக்கு விடுமுறை” என்பது செய்தி. “நாளை பள்ளிகளுக்கு விடுமுறையா?” என்பது செய்தியே அல்ல, வெறும் ‘ஆ’வைச் சேர்த்ததும் எழுதியவருக்குப் பொறுப்பு போய்விடுகிறது. மழைக்காலத்தில் தமிழ்நாட்டில் இந்த விடுமுறையை அறிவிப்பது அந்தந்த மாவட்ட ஆட்சியர். அவர் அறிவித்திருந்தால் எந்த மேசையும் ‘ஆ’ போடாது. மாவட்டத்தின் பெயரோடு, பள்ளிக்கு மட்டுமா கல்லூரிக்குமா என்பதையும் சேர்த்து நேராக எழுதும். ஆகவே தலைப்பு ‘ஆ?’ என்று முடிந்தால், “இன்னும் அறிவிக்கவில்லை” என்றே படித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் உள்ளே இருப்பது வானிலை முன்னறிவிப்பும் சென்ற வாரம் விடுமுறை விட்ட கதையும்தான்.

இதே குடும்பத்தில் இன்னும் சில வால்கள் உண்டு. ‘செல்லாதாம்’ என்றால் யாரோ சொன்னது. ‘எனக் கூறப்படுகிறது’ என்றால் சொன்னவர் பெயர் இல்லை. ‘தகவல் வெளியாகியுள்ளது’ என்றால் எங்கிருந்து வெளியானது என்பதும் இல்லை. செய்தியின் உள்ளே இந்த வால்கள் இருப்பது தவறல்ல. நிலவரம் அப்படியிருந்தால் அப்படித்தான் எழுத வேண்டும். உள்ளே ‘கூறப்படுகிறது’ என்று இருப்பது போஸ்ட்டில் ‘நடந்தது’ என்று மாறியிருந்தால்தான் ஊதல். எனவே இரண்டு வினைமுற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கள் அனுபவத்தில் ஊதலில் பெரும்பகுதி இந்த ஒரே இடத்தில்தான் அகப்படுகிறது.

படி 3: ‘இந்நிலையில்’ என்ற சொல்லைத் தேடுங்கள்

இப்போது லிங்க்கைத் திறக்கலாம். முழுவதையும் வரிக்கு வரி படிக்கத் தேவையில்லை. தமிழ் இணையச் செய்திகளுக்கு ஒரு வழக்கமான கட்டுமானம் உண்டு: முதல் இரண்டு மூன்று பத்திகள் பின்னணி, அடுத்து ‘இந்நிலையில்’ அல்லது ‘இந்த நிலையில்’, அதற்குப் பிறகுதான் இன்றைய செய்தி. போனில் திறந்திருந்தால் பிரௌசர் மெனுவில் பக்கத்துக்குள் தேடும் வசதியில் ‘நிலையில்’ என்று தட்டுங்கள். கணினியில் என்றால் Ctrl+F. பெரும்பாலான கட்டுரைகளில் நேராகச் செய்தி இருக்கும் வாக்கியத்தில் போய் நிற்பீர்கள்.

அந்த ஒரு வாக்கியத்தைத்தான் போஸ்ட்டின் வரியோடு ஒப்பிட வேண்டும். போஸ்ட் கேட்ட கேள்விக்கு அந்த வாக்கியம் விடை சொன்னால், சுருக்கம் நேர்மையானது. அல்லது குறைந்தபட்சம் விடையை மட்டும் மறைத்த சாதாரணத் தூண்டில். அந்த வாக்கியத்துக்குப் பிறகும் விடை வராமல், “இது சமூக வலைதளங்களில் வைரலாகி வருகிறது”, “நெட்டிசன்கள் கருத்து தெரிவித்து வருகின்றனர்” என்று கட்டுரை முடிந்துபோனால், உள்ளே செய்தியே இல்லை என்று பொருள். வரி மட்டுமே இருந்திருக்கிறது.

‘இந்நிலையில்’ இல்லாத கட்டுரைகளும் உண்டு. செய்தி முதல் பத்தியிலேயே வந்துவிட்டால் அந்தச் சொல்லுக்கு அவசியமில்லை; அது நல்ல அறிகுறி. வீடியோ என்றால் இந்த வசதி கிடையாது. ஆனால் யூடியூபில் விளக்கப் பகுதியைத் திறந்து எழுத்துவடிவம் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் தம்ப்நெயிலில் உள்ள முக்கியச் சொல் அதில் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது, வருகிறதா என்பதே தெரிந்துவிடும்.

படி 4: மூலத்துக்குப் போய் நான்கு இடங்களை ஒப்பிடுங்கள்

அரசோ நீதிமன்றமோ வங்கியோ சொன்ன செய்திக்குப் பெரும்பாலும் ஒரு மூல ஆவணம் இருக்கும். அதைத் தேடும்போது அந்த அமைப்பின் தளத்துக்குள் மட்டும் தேடச் சொல்லலாம்:

```
site:rbi.org.in 2000 withdrawal from circulation
```

ஆவணம் கிடைத்ததும் வினை, அளவு, யாருக்கு, எதுவரை என்ற நான்கு இடங்களை மட்டும் பாருங்கள். 2000 ரூபாய் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம்.

வினை: குறிப்பில் இருந்தது ‘திரும்பப் பெறுதல்’. ‘செல்லாது’ என்பது முற்றிலும் வேறு வினை. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது நள்ளிரவோடு அவற்றின் சட்டத் தகுதியே போனது. 2023-இல் அது நடக்கவில்லை. ஆனால் 2016-இல் வரிசையில் நின்றவர்களுக்கு ‘செல்லாது’ என்ற ஒற்றைச் சொல் என்ன செய்யும் என்பது (அ) வரியை எழுதுபவருக்குத் தெரியும். வினையை மாற்றியதன் நோக்கமே அதுதான்.

அளவு: வங்கிக் கவுண்டரில் மாற்றுவதற்கு ஒரு தடவைக்கு 20,000 ரூபாய் என்று குறிப்பு வரம்பு வைத்தது, அதாவது பத்து நோட்டு. ஆனால் சொந்தக் கணக்கில் போடுவதற்கு அந்த வரம்பு இல்லை, வழக்கமான விதிமுறைகள் போதும். “20,000 ரூபாய்க்கு மேல் வைத்திருந்தால் சிக்கல்” என்று யாராவது வரி எழுதினால் எண் சரிதான். எதற்கான வரம்பு என்பதை வெட்டிவிட்டதால் பொருள் தலைகீழாகிவிட்டது.

யாருக்கு: புதிதாக 2000 நோட்டு கொடுப்பதை உடனே நிறுத்தச் சொன்னது வங்கிகளிடம். வாங்கக் கூடாது என்று கடைக்காரரிடம் யாரும் சொல்லவில்லை. ஆணை ஒருவருக்கு, வரி எல்லோருக்கும் என்று எழுதப்படுவது அடிக்கடி நடக்கும் தில்லுமுல்லு.

எதுவரை: இங்கேதான் நேர்மையான வரியும் சறுக்கும். (இ) வரி மே மாதத்தில் துல்லியமானது. ஆனால் செப்டம்பர் 30 அன்று ரிசர்வ் வங்கி கெடுவை அக்டோபர் 7 வரை நீட்டித்தது. அதன் பிறகும் தன்னுடைய 19 வழங்கல் அலுவலகங்களில் மாற்ற வழி வைத்தது. சென்னை அலுவலகமும் அதில் ஒன்று. ஆகவே அக்டோபர் 2-ஆம் தேதி (இ) வரியை ஃபார்வர்டு செய்தவர், நேர்மையாக எழுதப்பட்ட ஒன்றைக்கொண்டே தவறான தகவலைப் பரப்பியிருப்பார். கட்டுரையின் தேதியையும் போஸ்ட்டின் தேதியையும் தனித்தனியே பார்க்கச் சொல்வது இதனால்தான். போஸ்ட் நேற்றையதாக இருக்கும், உள்ளே உள்ள செய்தி போன வருடத்ததாக இருக்கும்.

நான்கையும் பார்த்த பிறகும் ஐயம் இருந்தால் ஒரு கேள்வி போதும்: இந்த வரியை மட்டும் படித்துவிட்டு, லிங்க்கைத் தொடாமல் ஒருவர் காரியத்தில் இறங்கினால் தப்பு செய்வாரா? (அ) வரியை மட்டும் படித்த மளிகைக் கடைக்காரர் அன்று இரவே நோட்டை வாங்க மறுப்பார், அது தப்பு. (ஆ) வரியைப் படித்தவருக்கு எதுவும் செய்யத் தெரியாது, பயம் மட்டும் இருக்கும். (இ) வரியைப் படித்தவர் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு அடுத்த வாரம் வங்கிக்குப் போவார். குறிப்பின்படி மாற்றுதல் தொடங்கியது மே 23-இல்தான் என்பதால், அவருக்கு எந்த இழப்பும் இல்லை.

உடல்நலச் செய்தி என்றால்: எவ்வளவு என்ற கேள்வி

உடல்நலச் செய்திகளில் வினை சரியாக இருந்தும் வரி ஏமாற்றும். 2023 ஜூலை 14 அன்று உலக சுகாதார அமைப்பு அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பைப் பற்றி வெளியிட்ட அறிவிப்பு நல்ல உதாரணம். டயட் குளிர்பானங்களில் சேர்க்கிறார்களே, அந்த இனிப்பு. அன்று ஒரே அறிவிப்பில் இரண்டு குழுக்களின் முடிவுகள் வந்தன. புற்றுநோய் ஆய்வு முகமை அதை ‘2B’ பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியமுள்ளவை என்ற பட்டியலில் சேர்த்தது. உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான நிபுணர் குழுவோ, நாள் ஒன்றுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றக் காரணமில்லை என்றது.

“டயட் குளிர்பானத்தில் புற்றுநோய் அபாயம்: உலக சுகாதார அமைப்பு” என்ற வரி முதல் முடிவை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் 2B என்பது ஆதாரம் எவ்வளவு வலுவானது என்பதற்கான வகைப்பாடு. எவ்வளவு ஆபத்து என்பதற்கான அளவு அல்ல. ஆதாரம் குறைவாக இருப்பவைதான் பொதுவாக அந்தப் பட்டியலில் வருகின்றன. சோற்றுக்கற்றாழையின் முழு இலைச் சாறும், பாரம்பரிய ஆசிய முறையில் ஊறவைத்த காய்கறிகளும்கூட அதே பட்டியலில்தான் இருக்கின்றன.

எவ்வளவு என்ற கேள்விக்கு விடை இரண்டாவது முடிவில் இருக்கிறது. 70 கிலோ எடையுள்ளவருக்கு 70-ஐ 40-ஆல் பெருக்கினால் நாளைக்கு 2800 மில்லிகிராம். ஒரு கேனில் 200 முதல் 300 மில்லிகிராம் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், வேறு எந்த உணவிலும் அஸ்பார்டேம் சேராத நிலையில், அந்த வரம்பைத் தாண்ட ஒரே நாளில் 9 முதல் 14 கேனுக்கு மேல் குடிக்க வேண்டும். இந்தக் கணக்கை உலக சுகாதார அமைப்பே தன் அறிவிப்பில் போட்டுக் காட்டியிருந்தது. ஆகவே நேர்மையான வரி இப்படி இருக்கும்: “அஸ்பார்டேம் ‘புற்றுநோய் சாத்தியமுள்ளவை’ பட்டியலில் சேர்ப்பு, தினசரி வரம்பில் மாற்றமில்லை”. பத்துச் சொல்கூட ஆகவில்லை.

உடல்நல வரிகளில் ‘அபாயம்’, ‘ஆபத்து’, ‘காரணம்’ என்ற சொற்களைக் கண்டால், கட்டுரைக்குள் ‘மி.கி.’, ‘கிராம்’, ‘நாளொன்றுக்கு’ ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள். ஒன்றுகூட இல்லையென்றால் அந்தக் கட்டுரையிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

படி 5: குற்றம் யாருடையது என்று பாருங்கள்

ஒரு செய்திக்கு ஒரே தலைப்புதான் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் மூன்று இருக்கலாம்: பக்கத்தின் மேலே உள்ள தலைப்பு, லிங்க்கைப் பகிரும்போது கார்டில் தெரியும் தலைப்பு, போஸ்ட் போட்டவர் மேலே எழுதிய வரி. கார்டில் தெரிவது பக்கத்தின் மூலநிரலில் உள்ள இந்த வரியிலிருந்து வருகிறது:

```
<meta property="og:title" content="...">
```

கணினியில் முகவரிக்கு முன்னால் `view-source:` என்று சேர்த்தால் இதைப் பார்க்கலாம். பல தளங்களில் இதற்கும் பக்கத் தலைப்புக்கும் தொடர்பே இருக்காது. அந்த அளவுக்குப் போகப் பொறுமையில்லை என்றால் லிங்க்கின் முகவரியைப் படியுங்கள். தமிழ்த் தளங்களில் முகவரியின் கடைசிப் பகுதி பெரும்பாலும் ஆங்கில எழுத்தில், தேடுபொறிக்காக எழுதப்படுவது. அங்கே யாரும் நாடகம் போடுவதில்லை. வரி “நாளை முதல் அமல்!” என்று அலற, முகவரி `proposal` என்ற சொல்லோடு இருந்தால், அது இன்னும் பரிந்துரைதான். சிலர் எண்களை மட்டுமே முகவரியாக வைப்பார்கள்; அப்போது இந்த வழி உதவாது.

மூன்று தலைப்பில் போஸ்ட்டின் வரி மட்டும் கோணல் என்றால் எழுதிய செய்தியாளர் மீது பழி இல்லை, பகிர்ந்தவர் மீதுதான். லிங்க்கே இல்லாமல் வெறும் படமாக வரும் நியூஸ் கார்டுகளுக்கு இந்தப் படி பொருந்தாது. அந்தச் செய்தி நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தில், அதே தேதியில் அந்தக் கார்டு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எழுத்துரு மட்டும் சற்று வேறாக இருக்கும் போலிக் கார்டுகள் நிறைய உலவுகின்றன.

இந்த முறை எங்கே தவறும்

இது வரி கட்டுரைக்கு உண்மையாக இருக்கிறதா என்பதை மட்டுமே சொல்லும். கட்டுரையே தவறாக இருந்தால் அதன் நேர்மையான சுருக்கமும் தவறாகத்தான் இருக்கும். படி 4-ஐ விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் செய்பவர்கள் விழும் குழி இது.

மேற்கோள் வரிகளிலும் கவனம் வேண்டும். “மாநிலத்தில் நிதியே இல்லை: எதிர்க்கட்சித் தலைவர்” என்ற வரி, அவர் சொன்னார் என்பதற்கு மட்டுமே உண்மையானது. நிதி இல்லை என்பதற்கு அல்ல. அந்தப் பெயரை வெட்டிவிட்டு “மாநிலத்தில் நிதியே இல்லை!” என்று போட்டால் ஒருவரின் கூற்று செய்தியாக வேடம் போடுகிறது. அதே நேரத்தில், பெயரைப் போட்டவரைத் தூண்டில் போட்டார் என்று திட்டுவதும் நியாயமில்லை.

எல்லா மறைப்பும் தூண்டில் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பட விமர்சனம் முடிவைச் சொல்லாது. சந்தா கட்டிப் படிக்க வேண்டிய கட்டுரை பாதியில் நிற்கும். நீண்ட களக்கட்டுரைக்கு ஒற்றை வரியில் விடை இருக்காது. செய்துகொள்ள வேண்டிய வேலை, கட்ட வேண்டிய பணம், தவறவிடக் கூடாத தேதி ஆகியவற்றைப் பற்றிய வரி மறைத்தால் மட்டும் கறாராக இருங்கள்.

பிடித்துவிட்ட பிறகு என்ன செய்வது என்றால், குடும்ப குரூப்பில் யாராவது (ஆ) வரியைப் போட்டிருக்கும்போது “இது க்ளிக்பைட் சித்தப்பா” என்று எழுதினால் அவர் கோபித்துக்கொள்வார். நோட்டைப் பற்றிய பயமும் போகாது. படி 3-இல் கண்டுபிடித்த அந்த ஒரு வாக்கியத்தை நகலெடுத்து, மூலத்தின் தேதியைச் சேர்த்து, அவர் போட்ட லிங்க்குக்குக் கீழேயே பதிலாகப் போடுங்கள்: “மே 19 ரிசர்வ் வங்கி அறிவிப்புப்படி நோட்டு செல்லும் சித்தப்பா. 23-ஆம் தேதியிலிருந்து பேங்க்கில் ஒரு தடவைக்கு பத்து நோட்டு மாற்றலாம், அக்கவுண்ட்டில் போடுவதென்றால் அந்த வரம்பு இல்லை.”